ஒலிபெருக்கியில் வாசிக்கும் அறிவிப்புகள் குறித்து ஆலய நிர்வாகக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்து, நம் ஆலயத்தில் வெள்ளிதோறும் அறிவிப்பு வாசித்துவரும் நான், சென்ற பங்குனி உத்திரத்துக்கு முன் நடந்த ஒன்றை முன்வைத்து இம்மடலை எழுதுகிறேன். அறிவிப்பு நீளுகிறது என்று பலரும் குறைப்பட்டதால், அதைச் சுருக்கி என்னிடம் தந்தீர்கள். பால்குடம் பற்றிய பகுதி இப்படி இருந்தது: "ஞாயிறு பங்குனி உத்திரப் பால்குடப் பதிவு வெள்ளி இரவு 9 மணிக்குள், கட்டணம் 30 ரிங்கிட், பதியாதோர் ஏற்கப்படார்."

14 சொற்கள்தாம். ஆனால் எங்கள் லயத்துப் பாட்டி ஒருவர், முதலில் காதில் விழுந்த ஞாயிறையே பதிவு நாளாக எண்ணி, அன்று காலையில் குடத்தோடும் பணத்தோடும் வந்து நின்றார். தாளில் படிப்பவர் ஐயம் வந்தால் மேல்வரிக்குத் திரும்புவார். கேட்பவருக்கு அந்த வழி கிடையாது. மேலும், தமிழில் ஆம், இல்லை என்பது பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் இருக்கிறது. வாசிப்பவரின் மூச்சு குறைவதும் மண்டபத்தின் எதிரொலி சொல்லை விழுங்குவதும் அதே இடத்தில்தான் என்பதால், "ஏற்கப்படார்" என்பது சிலருக்கு "ஏற்கப்படுவார்" என்றே கேட்டது.

ஆகவே, வாக்கியங்களை நெருக்கிச் சுருக்காமல், செய்திகளைக் குறைத்துச் சுருக்குமாறு வேண்டுகிறேன். பொறுப்பாளர்களின் பட்டங்களையும், சென்ற ஆண்டுத் திருவிழா எப்படி நடந்தது என்பதையும் விட்டுவிடலாம். உபயகாரர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் மரியாதை குறையாது. அதை நின்று படிப்பவர்களே அதிகம். அப்படி மிஞ்சும் நேரத்தில் பால்குடச் செய்தியைப் பின்வருமாறு வாசிக்கலாம்:

"பால்குடம் எடுப்பவர்கள் கவனிக்கவும். பெயரை முன்கூட்டியே பதிய வேண்டும். பதிவு ஆலய அலுவலகத்தில் நடக்கிறது. கட்டணம் 30 ரிங்கிட். வெள்ளிக்கிழமை இரவு 9 மணியோடு பதிவு முடிகிறது. 9 மணிக்குப் பிறகு பதிவு இல்லை. மறுபடியும் சொல்கிறேன்: வெள்ளிக்கிழமை இரவு 9 மணி."

சொற்கள் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டன என்பது உண்மைதான். ஆனால் யாருக்கான செய்தி என்பது முதலிலேயே வருவதால் உரியவர் பேச்சை நிறுத்திச் செவிகொடுப்பார். ஞாயிறு திருவிழா என்பது ஊருக்கே தெரியும் என்பதால் அதை நீக்கிவிட்டேன். எஞ்சியிருப்பது ஒரே கிழமை. "மேற்கண்ட", "அன்னார்" போன்ற, பின்னோக்கிச் சுட்டும் சொற்களையும் தவிர்த்து, "பதிவு" என்ற சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். எழுத்தில் சலிப்பூட்டும் இது காதுக்குப் பிடிமானம்.

அடுத்த திருவிழாவுக்கான தாளை, வாசிப்புக்கு ஒரு நாள் முன்னதாக, வியாழன் மாலையே கொடுத்துவிடுங்கள். தாளைப் பார்க்காத ஒருவருக்கு ஒரே முறை வாசித்துக் காட்டி, யார், எங்கே, எப்போது என்று கேட்பேன். அவர் தடுமாறும் வாக்கியத்தை மட்டும் உங்கள் அனுமதியோடு இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன்.

பணிவன்புடன்,
ஆலய அறிவிப்பாளர்