ஈரடி எப்போது வர வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்லூரிக் கலைவிழாச் செய்திகளில் ஆடியவர், பாடியவர், பரிசு வாங்கியவர் எல்லோரும் வருகிறார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் ஈரடி சொல்லி அழைக்கும் தொகுப்பாளரை மட்டும் யாரும் எழுதுவதில்லை. குமரி மாவட்டக் கல்லூரி விழாக்களுக்கு மைக் செட் போடுகிறவன் என்பதால் அவர்களைப் பற்றி எழுதுகிறேன்.

பெரும்பாலும் காதில் விழுவது இந்த மாதிரிதான்: "அழகாக ஆட வருகிறார்கள், ஆனந்தம் அள்ளித் தருகிறார்கள்." தமிழில் வினை கடைசியில் வருவதால் இந்த இயைபு தானாகவே அமைந்துவிடும். களியலாட்டத்துக்கும் சொல்லலாம், சினிமாப் பாட்டு நடனத்துக்கும் சொல்லலாம். அடுத்து வருவது என்ன என்று அதில் ஒரு சொல்லும் இருக்காது.

நாகர்கோவில் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஒரு மாணவி வில்லுப்பாட்டுக்கு இப்படிச் சொன்னார்:

"குடத்தின் முழக்கம், உடுக்கையின் கூட்டு,
வடசேரி வரை கேட்கும் வில்லுப்பாட்டு!"

குடம், வடசேரி என்று எதுகை, கூட்டு, பாட்டு என்று இயைபு. அதோடு நிகழ்ச்சியின் பெயர் கடைசிச் சொல்லாக நிற்கிறது. எனக்கு அதுதான் முக்கியம். அந்தச் சொல் விழுந்ததும் திரை திறக்கும், நான் மேடை மைக்கை ஏற்றுவேன். பெயரை முதல் அடியிலேயே சொல்லிவிட்டால், இரண்டாம் அடி கைதட்டலில் காணாமல் போகும்.

ஆனால் அந்த மாணவி கொஞ்சம் முந்திவிட்டார். வில்லைக் குடத்தோடு கட்டி, உடுக்கைக்கும் பாடுகிறவருக்கும் தனித்தனியாக மைக் வைக்க நிமிடங்கள் ஆகும். திரைக்குப் பின்னால் வேலை முடியவில்லை, முன்னால் ஈரடியோ தீர்ந்துவிட்டது. அப்புறம் என்ன, பின் வரிசையிலிருந்து ஊளைதான். வில்லில் ஏன் மணி கட்டுகிறார்கள், இந்தக் கதையை எந்தக் கோயில் கொடையில் பாடுவார்கள் என்று நாலு வார்த்தை பேசி இழுத்திருக்கலாம். மேடை ஓரத்திலிருந்து கை காட்டிய பிறகு ஈரடியைச் சொல்லியிருந்தால் அரங்கம் அதிர்ந்திருக்கும். தனி நடனத்துக்கு இந்தக் கவலை இல்லை. பென் டிரைவில் பாட்டு தயாராக இருக்கும், ஈரடி மட்டும் போதும்.

இன்னொன்று, வரிசை மாறாத கலைவிழாவை நான் பார்த்ததில்லை. சலங்கை கட்டி முடியவில்லை என்று ஒரு குழு பின்னால் போகும். "நடனம் கண்டோம், இனி நாடகம் காண்போம்" என்று எழுதி வைத்திருந்தால் அந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். முந்தைய நிகழ்ச்சியைத் தொடாமல் எழுதி, ஒவ்வொன்றையும் தனி அட்டையில் வைத்துக்கொண்டால் அட்டையை மாற்றினால் சரி.

கடைசியாக, விழா நடத்தும் பேராசிரியர்களுக்கு ஒரு கோரிக்கை. தமிழில் ஒருவர், ஆங்கிலத்தில் ஒருவர் என்று இரண்டு பேரை நிறுத்துகிறீர்கள். யார் கடைசியில் பேசுவார் என்பதை ஒத்திகையிலேயே முடிவு செய்து எங்களிடமும் சொல்லிவிடுங்கள். தமிழ் ஈரடி முடிந்ததும் நான் பாட்டைப் போட்டு, ஆங்கிலத்தில் பேசும் பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றது உண்டு.

ஒலி அமைப்பாளர் ஒருவர்,
தக்கலை