நிறுத்தச் சொன்னது கடை இணைப்பை, நின்றது வீட்டு இணைப்பு

அனுப்புநர்:
இரண்டு இணைப்புகளின் வாடிக்கையாளர்,
மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
பிராட்பேண்ட் பிரிவு.

பொருள்: சந்தாவை நிறுத்தச் சொல்லி நான் அனுப்பிய செய்தியை உங்கள் அலுவலகம் தவறாக மாற்றி எழுதியது குறித்து.

ஐயா,

என் ஒரே கைபேசி எண்ணில் உங்களிடம் இரண்டு இணைப்புகள் உள்ளன. 4471 என்று முடிவது வீட்டுக் கணக்கு. 9036 என்று முடிவது வில்லாபுரத்தில் இருக்கும் என் தையல் கடைக் கணக்கு. கடையைக் காலி செய்வதால், மார்ச் 11 அன்று உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு இப்படி எழுதினேன்:

"சார், கடை நெட் இந்த மாசத்தோட போதும். அடுத்த மாசம் பணம் எடுக்காதீங்க. பாக்ஸை வந்து எடுத்துக்குங்க."

உடனே ஒரு கோரிக்கை எண் வந்தது. கூடவே, "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு வரி. என்ன பதிவு செய்தார்கள் என்று அதில் இல்லை. மறுநாள் வீட்டில் நெட் நின்றது. அதற்கடுத்த நாள் உங்கள் ஆள் வீட்டுக்கு வந்து ரௌட்டரைக் கழற்றிப் போனார். கடையில் நெட் ஓடிக்கொண்டே இருந்தது, 18-ஆம் தேதி அந்தக் கணக்குக்கு ஆட்டோபேயில் 706 ரூபாய் 82 காசும் போனது (599 ரூபாய் திட்டம், 18 சதவீத ஜிஎஸ்டி).

கிளை அலுவலகத்தில் சண்டை போட்ட பிறகுதான் பதிவைத் திருப்பிக் காட்டினார்கள். என் மூன்று வரி அங்கே இப்படி ஆகியிருந்தது: "வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறுவதால் தமது பிராட்பேண்ட் இணைப்பை உடனடியாகத் துண்டிக்கக் கோருகிறார். கணக்கு: 4471."

மொழி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "கடை" என்ற சொல் காணாமல் போய்விட்டது. "இந்த மாசத்தோட" என்பது "உடனடியாக" என்று மாறிவிட்டது. வேறு நிறுவனத்துக்கு மாறுவதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வரியை நம்பி, போகாதீர்கள், தள்ளுபடி தருகிறோம் என்று உங்கள் ஆட்கள் தினமும் போன் செய்தது தனிக் கதை.

வாடிக்கையாளர்கள் பேச்சு வழக்கில்தான் எழுதுவார்கள். துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது யாரும் கணக்கு எண்ணைத் தேடிக் கொடுத்து மனு எழுத மாட்டார்கள். அதைத் தெளிவான கோரிக்கையாக மாற்றத்தான் நீங்கள் ஆள் வைத்திருக்கிறீர்கள். அதில் குறையில்லை. செய்தியில் இல்லாததை என்னிடம் கேட்காமல் அவரே நிரப்பிக்கொண்டதுதான் குறை. என் எண்ணைத் தட்டினால் திரையில் இரண்டு கணக்குகள் வரும், முதலில் வீடு. முதலில் வந்ததையே அவர் எடுத்துக்கொண்டார் என்று கிளையில் சொன்னார்கள். "கடை" என்று நான் எழுதியதை இரண்டு முகவரிகளோடும் ஒத்துப் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை.

தேதி விஷயம் இன்னும் சிக்கலானது, அதனால்தான் கேட்டிருக்க வேண்டும் என்கிறேன். கடைக் கணக்கின் மாதம் உங்களிடம் 18-ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 17-இல் முடிகிறது. கடையின் வாடகை ஒப்பந்தம் மார்ச் 31-இல் முடிகிறது. அப்படியென்றால் "இந்த மாசத்தோட" என்பதற்கு மார்ச் 17 என்றும் பொருள் கொள்ளலாம், மார்ச் 31 என்றும் கொள்ளலாம். 31 வரை ஓட வேண்டுமானால் 18-ஆம் தேதி இன்னொரு மாதப் பணம் கட்டியாக வேண்டும், அதில் மிஞ்சும் ஏப்ரல் நாட்களுக்கு நீங்கள் பணம் திருப்பித் தருவதில்லை. இது எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் ஊழியருக்குத் தெரியும். "கட்டிய பணம் 17 வரைக்கும் இருக்கிறது மேடம், அன்றோடு நிறுத்தட்டுமா, இல்லை இன்னொரு மாதம் கட்டி 31 வரை வைத்துக்கொள்கிறீர்களா?" என்று ஒரு கேள்வி வந்திருந்தால், 17 போதும், மீதி நாளை கைபேசி நெட்டில் ஓட்டிக்கொள்கிறேன் என்று அப்போதே சொல்லியிருப்பேன்.

அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பதிவு இப்படி இருந்திருக்க வேண்டும்:

"கணக்கு 9036, தையல் கடை, வில்லாபுரம். இந்த இணைப்பை நிரந்தரமாக மூடவும். சேவை மார்ச் 17 நள்ளிரவு வரை இருக்கும். மார்ச் 18 முதல் கட்டணம் இல்லை. ஆட்டோபேயையும் ரத்து செய்யவும். ரௌட்டரைக் கடை முகவரியில் பெற்றுக்கொள்ளவும். இதே வாடிக்கையாளரின் 4471 வீட்டு இணைப்பு மாற்றமின்றித் தொடரும். கோரிக்கை வந்த நாள் மார்ச் 11."

கடைசி நாளையும் கட்டணம் நிற்கும் நாளையும் தனித்தனியாக எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "17 முதல் நிறுத்தவும்" என்று மட்டும் போட்டால் 17 அன்று நெட் உண்டா இல்லையா என்று உங்கள் ஆட்களுக்குள்ளேயே குழப்பம் வரும். எது தொடரும் என்பதையும் எழுத வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு கணக்கு இருக்கும் இடத்தில் தவறு நடந்தால் அந்த ஒரு வரிதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆட்டோபே பற்றியும் சொல்ல வேண்டும். பணம் போவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, அதன்படி 17-ஆம் தேதி குறுஞ்செய்தி வந்தது. உடனே உங்களுக்குப் போன் செய்தேன். "கணக்கு மூடியாச்சு மேடம், பணம் போகாது" என்றார் ஊழியர். அவர் பார்த்தது 4471. யுபிஐ செயலியில் நானே ஆட்டோபேயை ரத்து செய்திருக்கலாமே என்று கிளையில் கேட்டார்கள். செய்திருந்தால் பணம் போவது நின்றிருக்கும், ஆனால் கணக்கு மூடப்படாமல் என் பெயரில் பாக்கி ஏறியிருக்கும். அது வங்கிக்குக் கொடுத்த அனுமதி, இது உங்களோடு உள்ள சந்தா. இரண்டையும் தனித்தனியாக நிறுத்த வேண்டும் என்று உங்கள் ஆட்களே வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது எனக்கு வேண்டியவை. 706 ரூபாய் 82 காசு திரும்ப வர வேண்டும். கடை இணைப்பு மார்ச் 17-ஆம் தேதியோடு மூடப்பட்டதாகக் கணக்கு எண் குறிப்பிட்டு எழுத்தில் வேண்டும். வீட்டில் புது ரௌட்டர் மாட்டியதற்கு இன்ஸ்டலேஷன் கட்டணம் என்று பில்லில் ஏறியிருப்பதை நீக்க வேண்டும், வீட்டில் நெட் இல்லாத மார்ச் 12 முதல் 19 வரைக்கும் உரிய தொகையை அடுத்த பில்லில் கழிக்க வேண்டும்.

கூடவே ஒன்று. வாடிக்கையாளரின் செய்தியை மாற்றி எழுதியதும், எழுதியதை அப்படியே அவருக்கு அனுப்பி "சரி" என்று பதில் வந்த பிறகு துண்டியுங்கள். அவர் எழுதிய மூலச் செய்தியும் பதிவின் கீழே இருக்கட்டும். அது இருந்திருந்தால், ரௌட்டரைக் கழற்ற வந்த தம்பி வாசலிலேயே "கடை" என்ற சொல்லைப் பார்த்துத் திரும்பிப் போயிருப்பார்.

சந்தாவை நிறுத்த விடாமல் வாடிக்கையாளரை மாட்டிவைப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2023 வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. நீங்கள் வேண்டுமென்றே செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் இந்தக் கடிதத்தையும் உங்கள் பதிவின் நகலையும் வைத்துப் புகார் செய்வேன்.

இணைப்பு: வாட்ஸ்அப் செய்தியின் படம், கோரிக்கைப் பதிவின் நகல், மார்ச் 17 குறுஞ்செய்தி, வங்கிக் கணக்கு அறிக்கை.

இப்படிக்கு,
4471, 9036 கணக்குகளின் வாடிக்கையாளர்