பாண்டியன் விழுந்த பிறகுதான் வஞ்சினம் தொடங்குகிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழிவாங்கும் கதைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, கெடுதல் செய்தவன் வீழ்ந்ததும் கதை முடிந்துவிட வேண்டும் என்றும், அதன் பிறகு வருவதெல்லாம் வெறும் இழுவை என்றும் தீர்ப்பு வழங்கி, அதற்குக் கண்ணகியையே சான்றாகவும் காட்டியிருந்தது. தாங்கள் சிலப்பதிகாரம் அறியாதவர் அல்லர். அப்படியிருந்தும் அந்த வரி தங்கள் கண்ணைக் கடந்து எப்படி அச்சேறியது என்பதுதான் என் வருத்தம்.

கொடுமை நிகழ்தல், அதை அறிதல், சபதம், எதிரியை நேரில் சந்தித்தல், பழி தீர்தல் என்ற வரிசையில் இத்தகைய கதைகள் நடப்பது உண்மைதான். ஆனால் இளங்கோவடிகள் அந்த வரிசையிலேயே கை வைக்கிறார். வழக்குரை காதையில் சிலம்பு உடைந்து, மாணிக்கப் பரல் மன்னன் முகத்தில் தெறிக்கிறது. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று அவன் தன் தவற்றைத் தானே சொல்லி மாய்கிறான். தேவியும் உடன் வீழ்கிறாள். கட்டுரையாளரின் கணக்குப்படி பழி அங்கே தீர்ந்துவிட்டது. ஆனால் வஞ்சின மாலை அதற்கு அடுத்த காதை அல்லவா? ‘அரசோடு ஒழிப்பேன் மதுரையும்’ என்ற சபதம், குற்றவாளியாக நின்ற அரசன் இறந்த பிறகு செய்யப்படுகிறது. அவன் சாவு அவளுக்குப் போதவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு காப்பியம் எப்படிச் சொல்ல முடியும்?

ஊரை எரித்தாவது அவள் ஆறினாளா என்றால், அதுவும் இல்லை. கட்டுரை காதையில் மதுரைத் தெய்வம் பின்னால் வந்து நிற்கும்போது, ‘என்னுடை ஆரஞர் எவ்வம் அறிதியோ’ என்றுதான் அவள் கேட்கிறாள். நகரம் எரிந்த பின்னும் துயரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்தத் தெய்வமோ, முற்பிறவியில் பரதனாக இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்வித்ததையும், சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபத்தையும் எடுத்துச் சொல்கிறது. அதாவது, கண்ணகிக்கு நேர்ந்த கொடுமையே இன்னொரு பெண்ணின் பழி தீர்ந்த இடம். இதைக் கேட்ட பிறகு அவள் கொற்றவை கோயில் வாயிலில் வளையலை உடைத்து, ‘கீழ்த்திசை வாயிற் கணவனொடு புகுந்தேன், மேற்றிசை வாயில் வறியேன் பெயர்கு’ என்று சொல்லி வெளியேறுகிறாள். வென்றவள் பேசும் பேச்சா இது?

அதோடும் நிற்கவில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் அவளுக்காகப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலியிட்டதாகக் காப்பியம் கூறுகிறது. களவு செய்தவன் ஒருவன், மாண்டவர் ஆயிரவர். இவ்வளவையும் ‘இழுவை’ என்று தள்ள ஒருவருக்கு மனம் வருகிறதென்றால், அவர் வழக்குரை காதையோடு புத்தகத்தை மூடிவைத்தவர் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

கட்டுரையாளரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நான் தமிழாசிரியராக இருந்த காலமெல்லாம் பள்ளி ஆண்டு விழாவில் கண்ணகி நாடகம் போட்டோம். ஒவ்வொரு முறையும் அரசன் சரிந்ததும் திரையை இறக்கச் சொன்னார்கள், கட்டுரை காதையை ஒரு காட்சியாகவேனும் சேர்க்கலாம் என்ற என் வேண்டுகோளை யாரும் காதில் வாங்கவில்லை. இப்போது எங்கள் பக்கத்து அம்மன் கொடைகளிலும் அதே அவசரம் வந்துவிட்டது. வில்லுப்பாட்டில் பழையனூர் நீலி கதை பாடும்போது, கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, முற்பிறவியில் தன்னைக் கொன்ற செட்டியைத் தன் கணவன் என்று அவள் வழக்காடும் பகுதி வரை கூட்டம் அசையாது. அவன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபது பேரும், அவன் இறந்ததும் வாக்குக்காகத் தீயில் இறங்குகிறார்கள். அவர்கள் அவளுக்கு ஒரு தீங்கும் செய்யாதவர்கள். பழி தீர்ந்தும் அவள் கோபம் அடங்காமல், இசக்கியாக நிலையம் கொடுத்து, ஆண்டுதோறும் படைப்புப் போட்டுத்தான் ஆற்ற வேண்டியிருக்கிறது. கதையின் உயிரே அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. சென்ற கொடையில் செட்டி இறந்த இடத்திலேயே புலவரை நிறுத்தச் சொல்லி, இன்னிசைக் கச்சேரிக்கு மேடையை ஒழித்துக் கேட்டார்கள். குடத்தில் தட்டிக்கொண்டிருந்தவர் கையை எடுக்காமல் புலவரின் முகத்தையே பார்த்தார்; புலவர் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்று வந்த ஆத்திரம், தங்கள் கட்டுரையைப் படித்தபோது மறுபடியும் வந்தது.

இதைப் பற்றி முன்பே ஒரு கடிதம் எழுதியிருந்தேன். அதில் நீலியைப் பற்றிய பகுதியை நீக்கிவிட்டு, பாராட்டாக இருந்த முதல் இரண்டு வரிகளை மட்டும் வெளியிட்டீர்கள். அதையும் நன்றியோடுதான் ஏற்றுக்கொண்டேன்.

இம்முறை நான் வேண்டுவது பெரிதன்று. அடுத்த ஞாயிறு இணைப்பில், கட்டுரை காதையில் கண்ணகி மதுரையை விட்டு வெளியேறும் அடிகளை உரையோடு ஒரு கட்டத்தில் வெளியிடுங்கள். வஞ்சின மாலை வழக்குரை காதைக்குப் பின் வருவது என்ற திருத்தத்தையும் அதனடியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
பூதப்பாண்டி, கன்னியாகுமரி மாவட்டம்.