இடைவெளிக்கு இரண்டு வரி போதும்

நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் மனிதவளத் துறையினருக்கு,

வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒருவர் என்னைத் தொலைபேசியில் நேர்காணல் செய்தார். ஒதுக்கிய நேரம் முப்பது நிமிடம். அதில் இருபத்திரண்டு நிமிடம் நான் ஏன் வேலையில் இல்லை என்ற பேச்சிலேயே போனது. வேலையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி, அதுவும் கடைசியில்: "எக்செல் எல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கா?" மூன்று நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. அண்மைக்கால அனுபவம் உள்ளவரைத் தேடுகிறார்களாம்.

நான் வேலையில் இல்லை என்பது என் கடிதத்தின் இரண்டாவது பத்தியிலேயே இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் நேரம் கொடுத்தார்கள். பிறகு அந்த முப்பது நிமிடம் எதற்கு என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. அதற்கு முன் பேசிய இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

நான் கணக்காளர். பதினொரு வருடம் நிதிப் பிரிவில் இருந்தேன். கடைசி நான்கு வருடம் மாதக் கணக்கு முடிக்கும் குழுவுக்குப் பொறுப்பு. 2017 நடுவில் வேலையை விட்டேன். 2023 இறுதியில் மறுபடி தேட ஆரம்பித்தேன்.

நிதிப் பிரிவுத் தலைவர்களுக்கு நேரடியாக எழுதலாம் என்று முடிவெடுத்து முதலில் எழுதிய கடிதம் பத்தொன்பது வரி. என்னோடு முன்பு வேலை பார்த்த அக்கா ஒருவரிடம் அதைக் காட்டினேன். பேனாவை எடுத்து வரிகளை எண்ணினார். பதினோரு வரி, நான் வேலையில் இல்லாத இடைவெளியைப் பற்றி. "துரதிருஷ்டவசமாக", "தவிர்க்க முடியாத சூழலால்", "இத்தனை காலம் விலகி இருந்தாலும்" என்று ஒவ்வொன்றாக அடிக்கோடு போட்டார். "உங்க அப்பாவுக்கு எந்தெந்தக் கிழமை டயாலிசிஸ்னு இதைப் படிக்கிறவருக்கு எதுக்குத் தெரியணும்?" என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. எழுதும்போதே குற்றவாளி மாதிரி எழுதினால், படிப்பவர் விசாரணைதான் நடத்துவார்.

அப்புறம் எழுதிய கடிதத்தில் இடைவெளிக்கு இரண்டே வரி:

"2017 முதல் 2023 வரை குடும்பத்தில் ஒருவரின் நோய்ப் பராமரிப்பை முழுநேரமாக ஏற்றிருந்தேன். அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது. முழுநேர வேலைக்கு இப்போதே தயாராக இருக்கிறேன்."

ஒரு நிறுவனம் நியாயமாகக் கேட்கக்கூடியது எல்லாம் இதில் இருக்கிறது: எவ்வளவு காலம், என்ன காரணம், அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா, எப்போது வர முடியும். வருத்தம் தெரிவிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் நான் செய்ததில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அதே சமயம் மறைக்கவும் இல்லை. ஆண்டுகளை விட்டுவிட்டு எழுதினால் படிப்பவர் விண்ணப்பத்தைப் புரட்டிக் கணக்குப் போடுவார், போட்டபின் சந்தேகம் இரட்டிப்பாகும்.

இடைவெளிக்கு முந்தைய பத்தியில் அந்த நிறுவனத்துக்கு என்ன தேவை என்பதை எழுதினேன். அவர்களுடைய வெளியிடப்பட்ட ஆண்டறிக்கையைப் படித்தபோது வாடகைக்கு எடுத்த கட்டடங்களும் வாகனங்களும் நிறைய இருப்பது தெரிந்தது. பிந்தைய பத்தியில் அதற்கு என்னால் என்ன செய்ய முடியும் என்பதை எழுதி, ஒரு பக்கத் தாளை இணைத்தேன். அந்தத் தாளைப் பற்றித்தான் யாருமே கேட்கவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

நான் இல்லாத காலத்தில், 2019 ஜனவரி 1 முதல், ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 என்ற கணக்கியல் தரநிலை நடைமுறைக்கு வந்தது. முன்பெல்லாம் சாதாரண வாடகை ஒப்பந்தம் என்றால் வாடகையை அந்தந்த வருடச் செலவாக எழுதிவிட்டுப் போவோம். பேலன்ஸ் ஷீட்டில் அது தலைகாட்டாது. இப்போது, பன்னிரண்டு மாதத்துக்கு உட்பட்ட ஒப்பந்தங்கள், சிறு மதிப்புள்ள பொருள்கள் ஆகியவற்றுக்கு விலக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது தவிர, மற்றவற்றை ஒரு பக்கம் பயன்படுத்தும் உரிமையாகவும் மறுபக்கம் கடனாகவும் காட்ட வேண்டும்.

மூன்று வருட ஒப்பந்தம், ஒவ்வொரு வருட முடிவிலும் 1,00,000 வாடகை, வட்டி விகிதம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாடகைகளின் இன்றைய மதிப்பு 2,48,685. இதுதான் முதல் நாள் கடன். சொத்தும் அதே தொகை. முதல் வருட வட்டி 24,869, தேய்மானம் 82,895, ஆகச் செலவு 1,07,764. கொடுத்த வாடகை ஒரு லட்சம்தான், ஆனால் செலவு அதைவிட அதிகம். மூன்றாம் வருடம் வட்டி 9,091ஆகக் குறைவதால் மொத்தச் செலவு 91,986. மூன்று வருடத்தையும் கூட்டினால் அதே 3,00,000தான் வரும். புதிதாக ஒப்பந்தம் போட்ட வருடத்தில் லாபம் ஏன் குறைந்தது என்று நிர்வாகம் கேட்டால் பதில் இங்கேதான் இருக்கிறது.

இதில் தவறு நடக்கும் இடம் கூட்டல் கழித்தல் அல்ல. ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கும் உரிமை இருந்தால் அந்த இரண்டு வருடத்தையும் சேர்ப்பதா என்பதில்தான் நடக்கும். நீட்டிப்பது ஏறக்குறைய உறுதி என்றால் சேர்க்க வேண்டும். வாடகைக்கு எடுத்த கட்டடத்தில் உள்ளே பெருஞ்செலவு செய்து மாற்றங்கள் செய்திருந்தால், மூன்று வருடத்தில் காலி செய்வோம் என்று சொல்வது எடுபடாது. ஐந்தாண்டுக் கடனை மூன்றாண்டுக் கடனாகக் காட்டிவிட்டுத் தணிக்கையில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

இதை நீங்கள் என்னிடம் கேட்டிருக்கலாம். உங்களுக்கே கணக்கியல் தெரிய வேண்டும் என்று சொல்லவில்லை, நிதிப் பிரிவிலிருந்து ஒருவரைப் பத்து நிமிடம் அழைப்பில் உட்கார வைத்து, "நீட்டிப்பு உரிமை இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கச் சொல்லியிருந்தால் போதும். நான் தேறுவேனா இல்லையா என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். தேறாவிட்டால் அந்த நிராகரிப்பை மனமார ஏற்றுக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பதிலாகக் கேட்கப்பட்டது வேறு. "பொறுப்பு முடிந்துவிட்டதுன்னு எழுதியிருக்கீங்களே, எப்படி முடிஞ்சது?"

அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னேன். எதிர்முனையில் ஒரு நொடி அமைதி. "சாரி" என்றார். நானும் சரி, இனி வேலைக்கு வருவோம் என்று நினைத்தேன். அடுத்த கேள்வி: "அம்மா இருக்காங்களா? அவங்களை யார் பார்த்துக்கறாங்க?"

வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், அந்த இயந்திரத்தின் பக்கத்தில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தேன். அதைக் கடிதத்தில் எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. அது என்னுடையது. வேலை கேட்க வந்த இடத்தில் அதைக் காட்டி இரக்கம் வாங்கவும் எனக்கு விருப்பமில்லை, அதை வைத்து என்னை எடை போடவும் யாருக்கும் உரிமையில்லை. "முடிந்துவிட்டது" என்ற ஒரு சொல்லுக்குள் நான் பத்திரமாக மூடி வைத்ததைத் தொலைபேசியில் முன்பின் தெரியாத ஒருவர் திறக்கச் சொன்னார், நான் திறந்தேன். வேலை வேண்டுமே. அம்மாவைப் பற்றிய கேள்விக்கும் பதில் சொன்னேன். அன்று முழுக்க எனக்கு என் மேலேயே கோபம்.

உங்கள் விண்ணப்பப் படிவங்களையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு வேலையும் தொடங்கிய மாதம், முடிந்த மாதம். நடுவில் இடம் விழுந்தால் சிவப்பு எழுத்து. "இடைவெளிக்கான காரணத்தை விளக்கவும்", குறைந்தது ஐந்நூறு எழுத்துகள். என் இரண்டு வரிகளை அது ஏற்கவில்லை. ஐந்நூறு எழுத்து வரும்வரை என் அப்பாவின் நோயை நீட்டி நீட்டி எழுத வைத்தது. பதினொரு வருட வேலையை விளக்க அதே படிவம் கொடுத்த இடம் முந்நூறு எழுத்து. யாரோ உட்கார்ந்து இந்த இரண்டு எண்களையும் தட்டச்சு செய்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் ஏறக்குறைய 9,000 வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. வேலை செய்த தேதிகளுக்குப் பதிலாக "நான்கு வருடம்" என்று கால அளவை மட்டும் எழுதிய விண்ணப்பங்களுக்கு, தேதி போட்டவற்றைவிடச் சுமார் 8 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. இடைவெளியே இல்லாதவர்களுக்கும் அது உதவியது. தேதி என்பது அனுபவத்தின் அளவுகோல் இல்லை என்று இதற்கு மேல் எப்படிச் சொல்வது? ஆனால் நான் அப்படி எழுத நினைத்தாலும் உங்கள் படிவம் விடாது.

இடையில் ஒரு நாள்கூட விடாமல் வேலையில் இருந்தவர்களிடம் இந்தக் கேள்விகள் எதுவும் இல்லை. ஆறு வருடமும் ஒரே நாற்காலியில் ஒரே வவுச்சரைப் பதிவு செய்தவர், நான் மேலே சொன்ன நீட்டிப்பு உரிமையைப் பற்றிக் கேள்விப்படாமலே இருக்கலாம். அவருடைய விண்ணப்பத்தில் சிவப்பு எழுத்து வராது. "அண்மைக்கால அனுபவம்" என்று நீங்கள் சொல்லும்போது அளப்பது எதை? நாட்காட்டியையா, வேலையையா?

கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன். உங்கள் மேசையில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் குவிவதும், யாரை எடுத்தாலும் நாளைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். "இவர் நிலைத்து இருப்பாரா?" என்ற கவலை நியாயமானதுதான். அதற்கு ஒரு நேரான கேள்வி இருக்கிறது: "இந்த வேலையின் நேரமும் மாத முடிவுப் பளுவும் இவை, உங்களால் முடியுமா?" வேலைக்கு வரும் எல்லோரிடமும் அதைக் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள். முடியும் என்றோ முடியாது என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்வேன்.

உங்களிடம் நான் பணிவோடு கேட்பது இதுதான். இடைவெளிக்கு ஒருவர் இரண்டு வரி எழுதியிருந்தால் அந்த இரண்டு வரியை ஏற்றுக்கொள்ளுங்கள். படிவத்தில் அந்த ஐந்நூறு எழுத்துக் கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். கால அளவை மட்டும் எழுதவும் இடம் கொடுங்கள். முப்பது நிமிடம் இருந்தால் இருபத்தைந்து நிமிடம் வேலையைக் கேளுங்கள்.

அந்த ஒரு பக்கத் தாள் இன்னும் உங்கள் மின்னஞ்சலில்தான் இருக்கிறது. தயவுசெய்து உங்கள் நிதிப் பிரிவில் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். கேள்வி இருந்தால் அழைக்கட்டும். நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வேலைக்குத் திரும்பும் ஒரு கணக்காளர்