ஆண்டறிக்கை: மிளகுச் செய்கையாளர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், இந்த அறிக்கையின் பெரும்பகுதி அவர்களைப் பற்றியதுதான்.

நிர்வாகக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. தைப்பொங்கல் விழா சிறப்பாக நடந்தது. கோயில் வீதியின் விளக்கு திருத்தப்பட்டது.

இவ்வாண்டு சங்கத்தின் முக்கிய வேலை, மாத்தளைப் பக்கத்துச் சரிவுகளில் நமது மிளகுக் கொடிகளை வீழ்த்தும் அடி அழுகலைத் தடுப்பது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரும் நோய் இது. பைட்டோப்தோரா என்னும் கிருமி ஈரமண்ணில் இருக்கிறது. தேங்கிய நீரில் அதன் வித்திகள் நீந்தி வேரையும் கொடியின் அடியையும் அடைகின்றன. மழைத்துளி தெறிக்கும்போது மண்ணோடு சேர்ந்து கீழ் இலைகளுக்கும் ஏறுகின்றன. ஆகவே முதல் அடையாளம் தரையை ஒட்டிய இலைகளில் தெரியும். அங்கே ஓரம் நூல் பிரிந்ததுபோல் பரவும் கரும்புள்ளிகள் தோன்றும். கொடி முழுவதும் வாடி, இலையும் சரமும் கொட்டும்போது அடிப்பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே கறுத்து ஈரமாக இருந்தால் அந்தக் கொடி பிழைக்காது.

இதற்காகவே சிரமதானத்தில் மேட்டுப் பகுதியில் பொதுக் கான் ஒன்று வெட்டினோம். மேலிருந்து வரும் வெள்ளம் தோட்டத்துக்குள் இறங்காமல், சரிவுக்குக் குறுக்காக மெல்லச் சாய்ந்து, ஓடையில் சேர வேண்டும். வரிசைகளுக்கு இடையிலும் சிறு கான்கள் போட்டோம். மிளகின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே படர்வதால், கொடியை ஒட்டி மண்வெட்டி போடக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். வேரில் காயம் பட்டால் கிருமிக்கு நாமே வாசல் திறக்கிறோம். கொடியின் அடியில் மண்ணைச் சற்று உயர்த்தி, நீர் தேங்காமல் விட்டோம். தரையில் ஓடும் கொடிகளை வெட்டினோம் அல்லது தூக்கிக் கட்டினோம். கிளிரிசீடியா நிழலைக் கழித்து வெளிச்சமும் காற்றும் வரச் செய்தோம். வந்தவர்கள் பதினோரு பேர். கையொப்பமிட்டு இணங்கியவர்கள் முப்பத்திரண்டு பேர். மற்ற இருபத்தொரு பேருக்கும் அன்று ஏதோ அவசரம்.

கான் முடிந்தபின் மயில்துத்தக் கலவை. ஒரு கிலோ மயில்துத்தத்தை ஐம்பது லீற்றர் நீரிலும், ஒரு கிலோ நீற்றாத சுண்ணாம்பை நீற்றி மற்றோர் ஐம்பது லீற்றரிலும் தனித்தனி பிளாஸ்டிக் பீப்பாய்களில் கரைத்து, இரண்டையும் ஒருங்கே மூன்றாவது பாத்திரத்தில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளக்கும் இரும்புக் கத்தியைச் சற்று நேரம் அதில் வைத்து எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. சேர்க்காமல் அடித்தால் இலை கருகும். அன்றே கலந்து அன்றே அடிக்க வேண்டும், இலை காய்ந்திருக்கவும் வேண்டும். மழைக்கு முன் ஒரு முறை, இடையில் வெயில் கிடைத்தால் மறுமுறை. இலையின் அடிப்பக்கமும் கொடியின் அடியும் நனைய வேண்டும். மண்ணுக்கு, லீற்றருக்கு இரண்டு கிராம் செப்பு ஒட்சிக்குளோரைட் கலந்து ஊற்றினோம். செம்பு நோயைத் தடுக்கும், வந்த நோயைக் குணப்படுத்தாது. விழுந்த கொடியை வேரோடு பிடுங்கி எரிப்பது தவிர வேறு வழியில்லை.

பலன் கண்ணெதிரே இருக்கிறது. கான் வெட்டி, கலவையும் அடித்த ஓர் அங்கத்தவரின் தோட்டத்தில் இரு கொடிகளில் மட்டும் இலைப்புள்ளி கண்டது. அதை ஒட்டிய அடுத்த தோட்டத்தில், மேல்காணிக்காரர் தமது பங்குக் கானைத் தூர்வாராமல் கொழும்பில் இருந்துவிட்டதால், நீர் முழுதும் கீழே இறங்கியது. அவ்வீட்டார் கலவை அடித்திருந்தும் பதினெட்டு கொடிகள் சரிந்தன. நீர் நிற்கும் இடத்தில் செம்பு வேருக்குக் காவலாக நிற்க முடியாது. சங்கப் பணத்தைச் சுண்ணாம்பில் கரைத்துவிட்டேன் என்று சிலர் பேசியது என் காதிலும் விழுந்தது. இரண்டு தோட்டங்களையும் நேரில் பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். சிறு தொகை கையிருப்பில் உள்ளது. விபரம் பொருளாளரிடம் இருக்கிறது, கேட்பவர்களுக்குக் காட்டப்படும். பாதிப்பேரின் சந்தா வரவில்லை. கலவை மட்டும் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

தெளிகருவி இரவல் தந்தவருக்கும், தேநீர் தந்த மகளிருக்கும், ஆலோசனை தந்த விவசாய உத்தியோகத்தருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வைகாசி மழைக்கு முன் கானைத் தூர்வார வேண்டும். மேட்டுக் கானின் வாய்ப்பகுதி மண் சரிந்திருக்கிறது, அங்கே கல் அடுக்கவும் வேண்டும். மயில்துத்தம் வாங்க இப்போதுள்ள கையிருப்பு போதாது. நிலுவைச் சந்தாவைச் சித்திரை முடிவதற்குள் தருகிறவர்களின் பெயர்களுக்கு ஏற்ப அளவைக் கணக்கிட்டு வாங்குவதாகப் பொருளாளரும் நானும் பேசியிருக்கிறோம். பட்டியல் என் வீட்டுத் திண்ணையில் தொங்குகிறது.

செயலாளர்