அம்மா பிறந்த கிழமை

அன்புள்ள சிவாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது கண்ணில் கட்டு அவிழ்த்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, கவலைப்படாதே. பத்து நாள் படிக்கக் கூடாது என்றார்கள். அதனால் நீ அனுப்பிய ஜாதக நோட்டின் நகலை இன்றுதான் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை.

நீ கேட்டது இதுதானே: ஜாதகத்தில் அம்மா பிறந்தது பங்குனி மாதம் செவ்வாய்க்கிழமை என்று இருக்கிறது. தாத்தாவின் டைரியிலோ புதன்கிழமை. யார் தப்பாக எழுதியது? அப்புறம் ‘உதயாதி நாழிகை 52, விநாடி 30’ என்றால் என்ன, 52 மணி நேரம் என்றால் இரண்டு நாளைத் தாண்டிவிடுகிறதே என்று உன் மருமகன் கேட்டது.

யாரும் தப்பாக எழுதவில்லை சிவா. இரண்டும் சரி. நாழிகையை மணி என்று எடுத்துக்கொண்டதுதான் குழப்பம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். ‘உதயாதி’ என்றால் சூரிய உதயத்திலிருந்து எண்ணியது. நாள் நள்ளிரவில் மாறுவது கடிகாரக் கணக்கு. ஜாதகம் எழுதியவருக்கு நாள் பிறப்பது சூரியனோடு.

இனி கணக்கைப் பார். 52 நாழிகையை 24-ஆல் பெருக்கினால் 1,248 நிமிடம். விநாடி 30 என்பது அரை நாழிகை, 12 நிமிடம். மொத்தம் 1,260 நிமிடம், அதாவது சரியாக 21 மணி நேரம். பங்குனிக் கடைசியில் உங்கள் பக்கம் உதயம் ஏறக்குறைய 6:10 என்று வைத்துக்கொள். செவ்வாய்க்கிழமை காலை 6:10-லிருந்து 21 மணி நேரம் போனால் பின்னிரவு 3:10. கடிகாரத்துக்கு அது புதன்கிழமை. தாத்தா டைரியில் எழுதியது அந்தக் கணக்கு. ஜாதகக்காரருக்குப் புதன்கிழமைச் சூரியன் இன்னும் எழவில்லை, அதனால் செவ்வாய்.

இதில் ‘விநாடி’ என்ற இடத்தில்தான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். இன்று நாம் கடிகாரத்தின் மெல்லிய முள் ஒருமுறை துடிப்பதை வினாடி என்கிறோம். அப்படிப் படித்தால் அந்த 30 வெறும் அரை நிமிடமாகச் சுருங்கிவிடும். பிறந்த நேரம் 2:58 என்று வரும். பழைய விநாடி, நாழிகையில் அறுபதில் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் 24 வினாடி. சொல்லுக்குள்ளேயே அது இருக்கிறது பார்: வி-நாடி. நாடி என்பதும் நாழிகை என்பதும் ஒரே அளவுக்குப் பெயர். நாடிக்குக் குழாய் என்று ஒரு பொருள். நெல் அளக்கும் நாழியும் உள்ளே குடைவான பாத்திரம்தானே. நேரத்தை நீரால் அளந்தவர்கள் அளக்கும் பாத்திரத்தின் பெயரை நேரத்துக்கே வைத்துவிட்டார்கள்.

அந்தப் பாத்திரத்தை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு சிலிர்ப்பு. அடியில் ஊசித்துளை போட்ட கிண்ணத்தைப் பெரிய பாத்திரத்து நீரில் மிதக்கவிடுவது ஒரு முறை. துளை வழியே நீர் மெல்ல ஏறி, கிண்ணம் நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை. உடனே எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி மிதக்கவிட வேண்டும். துளையில் தூசி அடைத்தால் நாழிகை நீண்டுவிடும், துளை தேய்ந்து அகன்றால் குறுகிவிடும். ஆகவே பக்கத்திலேயே ஒருவர் விழித்திருந்தாக வேண்டும். முல்லைப்பாட்டில் பாசறைக் காட்சி நினைவிருக்கிறதா? பொழுதை அளந்து அறியும் ‘பொய்யா மாக்கள்’ அரசனிடம் வந்து, உன் ‘குறுநீர்க் கன்னல்’ இவ்வளவு காட்டுகிறது என்று சொல்வார்கள். எத்தனை முறை படித்திருப்போம்! நேரம் சொல்பவனுக்குப் ‘பொய்யா’ என்ற அடை ஏன் வந்தது என்பது, ராத்திரி முழுக்கக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆளை நினைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவன் ஒரு நாழிகை கண்ணயர்ந்தால் பாசறைக்கே பொழுது பிசகும்.

நொடியும் நிமிடமும் இன்னும் வேடிக்கை. நொடி என்பது விரல் சொடுக்கு. நிமிடம், ‘நிமிஷம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. கண் இமைப்பு என்று பொருள். தொல்காப்பியம் எழுத்தின் மாத்திரையைச் சொல்லும்போது ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்கிறது. இமைப்பும் சொடுக்கும் அங்கே ஒரே அளவு. இன்று நாம் ஒன்றை மற்றதைவிட அறுபது மடங்கு பெரிதாக்கி வைத்திருக்கிறோம். கடிகாரம் வந்தபோது புது அளவுகளுக்குப் பழைய பெயர்களை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். பெயர் தங்கிவிட்டது, அளவு மாறிவிட்டது. பழைய ஏட்டையோ பஞ்சாங்கத்தையோ கையில் எடுக்கும்போது முதலில் இதைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, அம்மாவின் நேரத்துக்கு வருகிறேன். பாட்டி ‘கடைச்சாமம் பொறக்குற நேரம்’ என்று சொல்வாள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் எனக்கு இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது. சாமம் என்பது ஏழரை நாழிகை, மூன்று மணி நேரம். பகலுக்கு நாலு, இரவுக்கு நாலு. ‘மூணே முக்கால் நாழிகை’ என்று கதைகளில் வருமே, அது அரைச் சாமம். பங்குனியில் பகலும் இரவும் கிட்டத்தட்ட சமம்; பகலுக்கு 30 நாழிகை கழித்தால் அம்மா பிறந்தது இரவில் இருபத்திரண்டரை நாழிகை போனபின். மூன்று சாமம் சரியாக முடிந்து நாலாவது தொடங்கும் இடம்! பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றாய். ஜாதகக்காரர் எழுதி வைத்ததை அவள் வாயால் அப்படியே வைத்திருந்திருக்கிறாள்.

ஒரு எச்சரிக்கை. யாமமும் சாமமும் ஒரே சொல்தான், ஆனால் இலக்கணத்தில் சிறுபொழுதாக வரும் யாமம் வேறு அளவு. நாளை ஆறாக, பத்துப் பத்து நாழிகையாகப் பிரிக்கும் கணக்கில் யாமம் என்பது நள்ளிரவைச் சுற்றிய பத்து நாழிகை மட்டும். அதன்பின் வருவது வைகறை. அந்தக் கணக்கில் அம்மா வைகறையில் பிறந்தவள். ‘வைகுதல்’ என்றால் தங்குதல். இரவு தங்கியிருந்து விலகப் போகும் பொழுது. நண்பகலும் நள்ளிரவும் ஒரே ‘நள்’ போட்டுச் செய்தவை, நள் என்றால் நடு. எற்பாடு என்ற சொல்லைத்தான் நாம் இழந்துவிட்டோம். எல் என்றால் சூரியன், பாடு என்றால் படுதல், சாய்தல். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து சூரியன் மறையும்வரை அதற்கு உரிய நேரம். பிற்பகல் என்பதில் பகலின் பின்பகுதி என்பது மட்டும்தான் இருக்கிறது. எற்பாட்டில் சூரியன் இறங்குவது தெரிகிறது. எனக்கு அது போனதில் வருத்தம்தான்.

நோட்டின் அடுத்த பக்கத்தில் உன் மாமாவின் ஜாதகம் பாதி தெரிகிறது. ஓரத்தில் நாழிகை எண் மடிப்பில் மறைந்துவிட்டது. வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து இன்னொரு படம் எடுத்து அனுப்பு. பிறந்த ஊரையும் எழுது, உதயம் பார்க்க வேண்டும். அம்மாவிடம் 3:10 என்று சொல்லிவிடு.

அன்புடன்,
ராஜு