கடைசி வரிசையிலிருந்து ஒரு மடல்: ஸ்லைடில் நிரல் போடுகிறவர்களுக்கு

மாதாமாதம் பைத்தான் சந்திப்பு நடத்தும் நண்பர்களுக்கும், அடுத்து பேசப் பெயர் கொடுத்திருப்பவர்களுக்கும்,

நான் எப்போதும் தாமதமாக வந்து கடைசி வரிசையில் உட்காருகிற ஆள். போன தடவை ஒருவர் அருமையான விஷயம் ஒன்றைப் பேசினார், ஆனால் அவர் காட்டிய நிரல் எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. "பின்னாடி தெரியுதா?" என்று கேட்டார். "தெரியல" என்றோம் நாலைந்து பேர். "சரி, நான் சொல்லிடறேன்" என்று மேலே போய்விட்டார். அவரும் வேறென்ன செய்வார், மேடையில் நின்றுகொண்டு ஸ்லைடைத் திருத்த முடியுமா? அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பவர்பாயின்டின் அகல ஸ்லைடு 13.33 அங்குலத்துக்கு 7.5 அங்குலம், அதாவது 960 பாயின்ட் அகலம், 540 பாயின்ட் உயரம். `Consolas` எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்தும் தன் அளவில் ஏறக்குறைய 0.55 பங்கு அகலம் பிடிக்கும். 28 பாயின்ட் வைத்தால் ஓர் எழுத்துக்கு 15.4 பாயின்ட், இரண்டு பக்க ஓரங்களையும் கழித்தால் வரிக்கு 55 எழுத்துகள் அடங்கும். உயரத்தில் தலைப்பையும் கீழ் ஓரத்தையும் கழித்தால் 400 பாயின்ட் மிஞ்சும், வரிக்கு 34 என்று வைத்தால் 11 வரி. அவ்வளவுதான் இடம். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்: கையில் 34 வரி இருக்கிறது, அது அடங்குகிற வரைக்கும் எழுத்தைச் சுருக்கிக்கொண்டே போய் 11 பாயின்டில் நிறுத்துகிறோம்.

28 போதுமா என்று கேட்டால், அது அறையைப் பொறுத்தது. வீட்டிலேயே பார்த்துவிடலாம். நம் அறையில் திரை ஆறடி அகலம், கடைசி நாற்காலி நாற்பதடி தூரம் என்று வையுங்கள், திரையின் அகலத்தைப் போல ஏழு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. 14 அங்குல லேப்டாப்பின் திரை சுமார் ஓரடி அகலம். ஸ்லைடை முழுத்திரையில் போட்டுவிட்டு ஏழடி தள்ளி நின்று படியுங்கள், காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் வித்தியாசம் தெரிந்தால் எனக்கும் தெரியும்.

"என் நிரல் 11 வரியில் அடங்காது" என்பதுதான் அடுத்த புகார். போன தடவை வந்த 34 வரியையே எடுத்துக்கொள்வோம், பேச்சு முடிந்ததும் முன்னால் போய்ப் பார்த்தேன். நாலு `import`, லாகிங் அமைப்பு, ஒரு கிளாஸ், `try`–`except`, நீளமான டாக்ஸ்ட்ரிங், எல்லாம் இருந்தது. அவர் சொல்ல வந்ததோ ஒரே ஒரு விஷயம்: முன்னிருப்பு மதிப்பாகக் காலிப் பட்டியல் கொடுத்தால் அது அழைப்புக்கு அழைப்பு புதிதாக உண்டாகாது. அதற்கு இவ்வளவு போதும்:

```python
def add(item, cart=[]):
    cart.append(item)
    return cart

print(add("pen"))
print(add("ink"))
```

இதைக் காட்டிவிட்டு, இரண்டாவது `print` என்ன தரும் என்று கேட்டு, கொஞ்சம் பொறுத்து, அடுத்த ஸ்லைடில் `['pen', 'ink']` என்று போட்டிருந்தால் அறையே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். வெட்டும்போது ஒன்றில் மட்டும் கவனம்: வெட்டியதை அப்படியே ஒரு கோப்பில் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். கூடவே வெட்டுப்பட்ட `import` ஒன்று இல்லாமல் நிரல் ஓடாது என்பதை மேடையில் யாராவது கண்டுபிடிப்பது சங்கடம். முழு நிரலும் வேண்டுமென்பவர்களுக்குக் கடைசி ஸ்லைடில் ஒரு சுட்டி போதும்.

அப்புறம் எழுத்துரு. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தருகிற மோனோஸ்பேஸ் எழுத்துரு அழகுக்காக வைப்பது இல்லை. ஸ்லைடின் வழக்கமான எழுத்துருவில் வெற்றிடம் மிகவும் ஒல்லி, நாலு வெற்றிடம் சேர்ந்தாலும் ஒன்றிரண்டு எழுத்தளவுதான் உள்ளே தள்ளும். பைத்தானில் அது பெரிய ஆபத்து:

```python
for n in nums:
    total += n
    return total
```

இந்த `return` லூப்புக்கு உள்ளேயா வெளியேயா என்பதில்தான் பிழையே இருக்கிறது, அது தூரத்திலிருந்து தெரிய வேண்டும். `Courier New` மோனோஸ்பேஸ்தான், ஆனால் கோடுகள் நூல் மாதிரி, புரொஜெக்டர் வெளிச்சத்தில் கரைந்துவிடும். `Consolas`, `DejaVu Sans Mono` போன்றவை தாங்கும். `Fira Code` பிரியர்களே, எடிட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். `!=` என்பதை ஒற்றைக் குறியாக ஒட்டிக் காட்டினால், கற்றுக்கொள்ள வந்தவர் அதைக் கீபோர்டில் தேடுவார்.

தமிழில் குறிப்புரை எழுதுகிறவர்களுக்கு (நானும்தான்) இன்னொரு சிக்கல். இந்த எழுத்துருக்களில் தமிழ் இல்லாததால் கணினி வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும், அகலமும் மாறும், சில சமயம் அந்த வரியின் உயரமும் கூடி மற்ற வரிகளைக் கீழே தள்ளும். வரிக்கு வலப்பக்கம் குறிப்பு எழுதி நேராக அடுக்க நினைத்தால் நடக்காது. தமிழ்க் குறிப்பைத் தனி வரியாக நிரலுக்கு மேலே போடுங்கள், அல்லது நிரல் பெட்டிக்கு வெளியே வையுங்கள்.

நிரலை ஸ்லைடிலேயே தட்டச்சு செய்பவர்களுக்கு: பவர்பாயின்ட் நல்லெண்ணத்தோடு `"` குறியை வளைத்து `“` ஆக்கிவிடும், வரியின் முதல் எழுத்தையும் பெரிதாக்கி `For` என்று வைக்கும். அதை நகலெடுத்து ஓட்டினால் `SyntaxError: invalid character '“' (U+201C)`. தானியங்கித் திருத்தத்தை அணையுங்கள், இல்லாவிட்டால் எடிட்டரிலிருந்து ஒட்டுங்கள். VS Code-இலிருந்து ஒட்டினால் வண்ணங்களும் கூடவே வரும், அது வசதி.

ஆனால் அந்த வண்ணங்கள் கருப்புப் பின்னணிக்கு எடுத்தவையா என்று பாருங்கள். புரொஜெக்டரால் கருப்பை வீச முடியாது, ஒளி விழாத இடத்தைத்தான் நாம் கருப்பு என்கிறோம். டியூப்லைட் எரிகிற அறையில் அந்த இடம் வெளிறிய சாம்பலாகி, அதன் மேல் சாம்பல் நிறக் குறிப்புரை காணாமலே போய்விடும். எடிட்டரை வெள்ளைப் பின்னணிக்கு மாற்றிவிட்டு நகலெடுங்கள். குறிச்சொல், சரம், குறிப்புரை என்று மூன்று நிறம் போதும், அடர்த்தியாக இருக்கட்டும். பிழையான வரியைச் சிவப்பிலும் திருத்திய வரியைப் பச்சையிலும் காட்டுவது வழக்கம், ஆனால் அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத கண்கள் நம் அறையிலேயே இருக்கலாம். பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் போட்டுவிடுங்கள்.

நடத்துகிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள். பேச்சுக்குப் பெயர் கொடுக்கும் படிவத்தில் "28 பாயின்ட், 11 வரி, வெள்ளைப் பின்னணி" என்று ஒரு வரி சேருங்கள். இன்னொன்று, எல்லோரும் ஒரே பொது லேப்டாப்பில் ஸ்லைடு ஓட்டுவதால், அதில் இல்லாத எழுத்துரு சத்தமில்லாமல் வேறொன்றாக மாறி வரிகள் கலைகின்றன. ஸ்லைடோடு ஒரு பிடிஎஃப்பும் கேட்டு வாங்குங்கள், அதில் எழுத்துரு உள்ளேயே இருக்கும். அசைவுகள் போய்விடும்தான், நிரல் பக்கங்களுக்கு அது பெரிய நஷ்டமில்லை.

அடுத்த மாதம் பதினைந்து நிமிடம் முன்னதாக வருகிறேன். பேசுகிறவர்கள் நிரல் உள்ள பக்கத்தை மட்டும் திரையில் போடுங்கள், விளக்கை அணைக்க வேண்டாம். நான் என் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து முதல் வரியைச் சத்தமாகப் படிக்கிறேன்.

இப்படிக்கு,
கடைசி வரிசை, சுவரோர நாற்காலி